யாரை வென்று வந்த புள்ளி?

லெக்ஸ்டம்ப் | 16 ஜூன் 2025, காலை 7.50

லார்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவை ஜெயித்துவிட்டது. மார்க்ரம் அடித்த 136-ஐப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதிக்கு வந்த விதம்தான் உறுத்துகிறது. இந்தச் சுற்றில் ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் லீக்கில் சந்திக்கவே இல்லை. 12 டெஸ்டில் 8 வெற்றி, 69.44 சதவீதம், முதலிடம். ஆஸ்திரேலியா 19 டெஸ்ட் ஆடி 67.54. யாரை எதிர்த்து ஆடினாலும் வெற்றிக்கு 12 புள்ளிதான் என்றால் அது என்ன பட்டியல்? செஸ்ஸில் இருப்பது மாதிரி ரேட்டிங் வைத்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

ஸ்கோர்புத்தகம் | 16 ஜூன் 2025, காலை 9.15

பாதி உண்மை. நான் ஒரு சின்ன வார இறுதி லீக்குக்கு நாலு வருஷமாகச் செஸ்ஸில் இருக்கும் அதே எலோ ரேட்டிங் போட்டு வருகிறேன். எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை ஆடும், மொத்தம் 56 ஆட்டம். அதில் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

புள்ளிப் பட்டியல் ஒரு கூட்டல் கணக்கு. ரேட்டிங் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு பந்தயம் கட்டுகிறது: இந்த இரண்டு எண்களை வைத்துப் பார்த்தால் இவர் ஜெயிக்க இவ்வளவு வாய்ப்பு. முடிவு வந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசமோ அந்த அளவுக்குத்தான் எண்ணை நகர்த்துகிறது. ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆள் ஜெயித்தால் எண் லேசாக அசையும். தோற்றால் பெரிதாக விழும்.

எங்கள் லீக் அளவில் பாருங்கள். இரண்டு அணிகளும் 1500-ல் இருக்கின்றன. சிவப்பு அணி வரிசையாக மூன்று 1400 அணிகளை அடிக்கிறது. நீல அணி மூன்று 1600 அணிகளை அடிக்கிறது. பட்டியலில் இருவருக்கும் 6 புள்ளி. ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 20 நகரலாம் என்று வைத்தால், சிவப்புக்கு முதல் வெற்றியில் 7.2 கிடைக்கும், மூன்றும் முடிந்ததும் 1521-ல் நிற்கும். நீலத்துக்கு முதல் வெற்றியிலேயே 12.8, கடைசியில் 1537. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்த 16 புள்ளி வித்தியாசம்தான் பதில்.

நைட்வாட்ச்மேன் | 16 ஜூன் 2025, காலை 11.02

இதற்குத்தானே அண்ணே நெட் ரன்ரேட் இருக்கிறது? சமமான புள்ளி வந்தால் அதுதான் பிரித்துவிடுமே.

ஸ்கோர்புத்தகம் | 16 ஜூன் 2025, காலை 11.20

தம்பி, முதலில் டெஸ்டில் நெட் ரன்ரேட் கிடையாது. இரண்டாவது, அது இருக்கும் இடத்திலும் இந்தக் கேள்வியைத் தொடவே தொடாது. பலவீனமான அணியைப் போட்டுப் புரட்டினால் ரன்ரேட் ஏறும். வலுவான அணியைக் கடைசிப் பந்தில் தட்டுத்தடுமாறி ஜெயித்தால் ஏறாது. என் உதாரணத்தில் சிவப்புதான் மேலே போகும். நோயை மருந்தாகக் கொடுக்கிறீர்கள்.

கருப்புக்குதிரை | 16 ஜூன் 2025, மதியம் 2.30

செஸ் பேச்சு வந்ததால் என் சோகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் புதுக் கணக்கு தொடங்கினேன். முதல் நாள் ஐந்து ஆட்டம் தோற்றேன். கிட்டத்தட்ட 400 புள்ளி போய்விட்டது! என் நண்பன் அதே நாளில் ஐந்து தோற்றான், 30 சொச்சம்தான் குறைந்தது. இதுவா நியாயம்? இதைப் போய் கிரிக்கெட்டுக்கும் கொண்டுவர வேண்டுமா?

பின்னம் | 16 ஜூன் 2025, மதியம் 3.05

உங்கள் நண்பரைப் பற்றி அந்தத் தளத்துக்கு நிறையத் தெரியும். உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத ஆளின் எண்ணைப் பெரிய அடியாக நகர்த்துவதுதான் சரி. உலகச் செஸ் அமைப்பான ஃபிடேயும் அதைத்தான் செய்கிறது: ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு நகரலாம் என்று சொல்லும் பெருக்கும் எண், புதியவருக்கு முதல் 30 ஆட்டம் முடியும்வரை 40, அப்புறம் 20, 2400-ஐத் தொட்டவருக்கு 10. ஆன்லைன் தளங்கள் பல கிளிக்கோ முறையில் ‘இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்’ என்பதையும் தனியாக ஓர் எண்ணாக வைத்திருக்கும். 20 ஆட்டம் ஆடிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கருப்புக்குதிரை | 16 ஜூன் 2025, மதியம் 3.11

20 ஆட்டம் தோற்க நேரமில்லை சார்.

ஸ்கோர்புத்தகம் | 16 ஜூன் 2025, இரவு 10.40

காலையில் சொன்னது கொஞ்சம் சுருக்கமாகப் போய்விட்டது. எல்லோருக்கும் நினைவிருக்கும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 22 நவம்பர் 2022, உலகக் கோப்பைக் கால்பந்து, சவூதி அரேபியா 2, அர்ஜென்டினா 1. அதற்கு முன் அர்ஜென்டினா 36 ஆட்டங்களில் தோற்கவில்லை.

2018-லிருந்து ஃபிஃபா ஆண்கள் பட்டியலும் எலோ வழிதான். ஆட்டத்துக்கு முன் அர்ஜென்டினா 1773.88, சவூதி 1437.78. வித்தியாசம் 336.1. அதை 400-ஆல் வகுத்துப் போட்டால் அர்ஜென்டினாவுக்கு எதிர்பார்ப்பு 0.874 வருகிறது. உலகக் கோப்பையின் முதல் கட்ட ஆட்டத்துக்குப் பெருக்கும் எண் 50. தோல்விக்கு 0. ஆக 50 × 0.874, அதாவது 43.7 புள்ளி ஒரே மாலையில் காலி. சவூதிக்கு அதே 43.7 வரவு.

உலகக் கோப்பை என்பதால் 50. வழக்கமான நட்புமுறை ஆட்டம் என்றால் 10தான், அதே தோல்விக்கு 9 புள்ளிகூடப் போயிருக்காது.

பின்னம் | 17 ஜூன் 2025, காலை 6.20

அன்று குறைந்தது 39 சொச்சம், 43.7 அல்ல. நீங்கள் செஸ்ஸின் 400-ஐப் போட்டுவிட்டீர்கள். ஃபிஃபா 600-ஆல் வகுக்கிறது.

```
We = 1 / (1 + 10^(-dr/600))
P  = P0 + I * (W - We)
```

dr என்பது ரேட்டிங் வித்தியாசம், We எதிர்பார்ப்பு, W நடந்த முடிவு, I பெருக்கும் எண், P0 பழைய புள்ளி, P புதிய புள்ளி. 336.1/600 போட்டால் 0.784. 50 × 0.784 = 39.2.

ஸ்கோர்புத்தகம் | 17 ஜூன் 2025, காலை 8.00

ஒப்புக்கொள்கிறேன். நாலு வருஷமாக 400 போட்டுப் போட்டுக் கை தானாகப் போய்விட்டது. மேலே இருப்பதை அழிக்கவில்லை, என் அவமானம் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் இந்தத் தவறே ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. 600-ஆல் வகுப்பது என்றால், ‘336 புள்ளி இடைவெளி இருந்தாலும் வலுவான அணி நூற்றுக்கு 78 தான்’ என்கிறோம். 400 என்றால் ‘87’ என்கிறோம். ஒரே இடைவெளிக்கு எவ்வளவு அர்த்தம் கொடுக்கிறோம் என்பதுதான் அந்த எண். எந்த விளையாட்டுக்கு எது என்பதைப் பழைய முடிவுகளை வைத்துத்தான் பார்க்கவேண்டும், ஆகாயத்திலிருந்து வராது.

நைட்வாட்ச்மேன் | 17 ஜூன் 2025, காலை 10.30

அப்படியானால் ஐசிசி தரவரிசையும் எலோதான், இல்லையா? அதிலும் எதிரணியின் ரேட்டிங்கைப் பார்த்துத்தான் புள்ளி கொடுக்கிறார்கள். ஆக கிரிக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிறது, லெக்ஸ்டம்ப் கேட்ட கேள்வியே தேவையில்லை.

பின்னம் | 17 ஜூன் 2025, காலை 10.55

பாதி சரி. எதிரணியைப் பார்க்கிறது, அது உண்மை. ஒருநாள் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் இடைவெளி 40-க்குள் என்றால், ஜெயித்தவருக்கு எதிரணி ரேட்டிங்குடன் 50 கூட்டி வரவு, தோற்றவருக்கு எதிரணி ரேட்டிங்கில் 50 கழித்து வரவு. இடைவெளி 40 அல்லது அதற்கு மேல் என்றால் விதி மாறும்: வலுவானவர் ஜெயித்தால் தன் ரேட்டிங்குடன் 10 மட்டும். அப்புறம் இவற்றையெல்லாம் கூட்டி ஆட்டங்களால் வகுக்கிறார்கள். ஆக அது ஒரு சராசரி. எலோ படிப்படியாக நகரும். இது பழைய ஆட்டங்கள் கணக்கிலிருந்து விழும்போதும் நகரும். ஒவ்வொரு மே மாதமும் யாரும் பந்து வீசாமலேயே வரிசை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

லெக்ஸ்டம்ப் | 17 ஜூன் 2025, மதியம் 1.15

அந்த மே மாத மாற்றத்தை நான் ஏதோ திருத்தம் என்றே நினைத்திருந்தேன்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். ரேட்டிங் போட்டிருந்தால் தென்னாப்பிரிக்கா முதலிடத்தில் இருந்திருக்காது, சரியா?

ஸ்கோர்புத்தகம் | 17 ஜூன் 2025, இரவு 9.30

அங்கேதான் நானும் இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுடைய 12 டெஸ்டையும் வரிசையாக வையுங்கள். இந்தியாவுடன் 1-1. நியூசிலாந்தில் 0-2. வெஸ்ட் இண்டீஸில் ஒரு டிரா, ஒரு வெற்றி. அப்புறம் வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான், தலா இரண்டு வெற்றி. கடைசி ஏழும் வெற்றி. எலோ இதை எப்படிப் பார்க்கும்? அந்த ஏழு எதிரணிகளின் எண் பெரிதாக இல்லாததால் ஒவ்வொரு வெற்றிக்கும் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். ஆஸ்திரேலியா 19 டெஸ்டில் இந்தியாவுடன் ஐந்து, இங்கிலாந்துடன் ஐந்து ஆடியது. ஆகவே இறுதிக்கு முன் ஆஸ்திரேலியா மேலே இருந்திருக்கும் என்பதுதான் என் ஊகம். பட்டியல் 2 சதவீத வித்தியாசத்தில் தென்னாப்பிரிக்காவைச் சொன்னது, ஆட்டமும் அதையே சொன்னது.

அதனால் ரேட்டிங் தோற்றது என்றும் சொல்ல முடியாது. 60-க்கு 40 என்று சொன்ன ஒன்று, 40 பக்கம் விழுந்தால் பொய் சொல்லிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் மதிப்பிட முடியாது.

இன்னொன்று. பிப்ரவரி 2024 நியூசிலாந்துப் பயணத்துக்குத் தென்னாப்பிரிக்கா இரண்டாம் தர அணியைத்தான் அனுப்பியது. உள்நாட்டு டி20 லீக் அதே நேரத்தில் நடந்ததால் முக்கிய ஆட்டக்காரர்கள் போகவில்லை. அணித்தலைவருக்கே அதுதான் முதல் டெஸ்ட். இந்த 0-2-ஐப் பட்டியல் ‘தென்னாப்பிரிக்கா தோற்றது’ என்று எழுதிக்கொள்ளும். எலோவும் அப்படியே எழுதிக்கொள்ளும். இரண்டுக்குமே சட்டையின் நிறம்தான் தெரியும், உள்ளே யார் என்று தெரியாது. அதுவும் எலோ அதைத் தன் அடுத்த ஊகங்களுக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

நைட்வாட்ச்மேன் | 17 ஜூன் 2025, இரவு 9.48

அப்போ பழைய கணக்கே தேவலை என்கிறீர்கள்.

ஸ்கோர்புத்தகம் | 17 ஜூன் 2025, இரவு 9.55

நான் அப்படிச் சொல்லவில்லை. தூங்கப் போகிறேன்.

ஸ்கோர்புத்தகம் | 18 ஜூன் 2025, காலை 7.10

தூக்கம் வரவில்லை, பழைய ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

போன பருவத்தில் 28 ஆட்டம் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மீதி 28 ஆட்டங்களுக்கு இரண்டு வகையாக ஊகம் செய்து பார்த்தேன். ‘பட்டியலில் மேலே இருப்பவர் ஜெயிப்பார்’ என்றால் 16 சரி. ‘ரேட்டிங் கூடியவர் ஜெயிப்பார்’ என்றால் 18 சரி. ரேட்டிங்கைப் பார்த்தவருக்கு இரண்டு கூடுதல்.

அந்த வித்தியாசம் எங்கே கிடைத்தது என்று தேடினால், அந்த இரண்டுமே ஒரே அணியின் ஆட்டங்கள். முன்பாதியில் அது ஐந்தாம் இடத்தில் கிடந்தது. வாரம் தவறியதால் ஒரு பின்பாதி ஆட்டம் முன்னால் இழுக்கப்பட்டு, முதலிரண்டு அணிகளுடன் மட்டும் அது மூன்று முறை மோதியிருந்தது. மூன்றிலும் தோல்வி, ஆனால் எதிர்பார்த்த தோல்வி. எண் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பட்டியலோ மூன்று பூஜ்யத்தைப் போட்டுக் கீழே தள்ளியிருந்தது.

பின்னம் | 18 ஜூன் 2025, காலை 7.45

28-க்கு 18, 28-க்கு 16. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரும். எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ரேட்டிங் சொன்ன வாய்ப்பை எழுதி, நடந்ததிலிருந்து கழித்து, வர்க்கம் எடுத்துச் சராசரி போடுங்கள். எப்போதும் ‘பாதிக்குப் பாதி’ என்று சொல்லும் சோம்பேறிக்கு 0.25 வரும். உங்கள் எண் அதற்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். நாலு வருஷ ஆட்டங்கள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் போடுங்கள்.

ஸ்கோர்புத்தகம் | 18 ஜூன் 2025, இரவு 11.20

போட்டேன். போடப் போய் ஒரு பூதம் கிளம்பியது.

எட்டு அணிகளும் 1500-ல் தொடங்கின. ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகிறது. ஆக எந்த நேரத்தில் கூட்டினாலும் 12,000 வரவேண்டும். முதல் பருவத்தின் முடிவில் கூட்டினால் 12,057 வருகிறது.

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்தேன். தவறு இதுதான். ஷீட்டில் வென்ற அணியை முதல் பத்தியில் எழுதுவது என் வழக்கம். முதல் பத்தியின் எண்ணைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய எண்ணை வைத்துத் தோற்றவரின் எதிர்பார்ப்பைக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த வருஷம் பெருக்கும் எண் 40. இரண்டும் 1500 என்றால் வென்றவருக்கு 20 சேர்ந்து 1520. அப்புறம் தோற்றவரை 1520-க்கு எதிராக வைத்துப் பார்த்தால் அவருக்கு எதிர்பார்ப்பு 0.5 இல்லை, 0.471. ஆகவே 20 இழக்க வேண்டியவர் 18.8 தான் இழக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி காற்றிலிருந்து உற்பத்தி. 56 ஆட்டம், 57 புள்ளி.

இரண்டு பழைய எண்களையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு புதிய எண்களையும் கணக்கிடவேண்டும். எழுதும்போது தெரிந்ததுதான், செய்யும்போது கோட்டைவிட்டேன். யாராவது சொந்தமாக ஷீட் போடுவதாக இருந்தால், ஓர் ஓரத்தில் மொத்தக் கூட்டலுக்கு ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். அது அசைந்தால் ஏதோ கசிகிறது.

திருத்திய பிறகு வர்க்கச் சராசரி 0.25-க்குக் கீழேதான் வந்தது. ரொம்பக் கீழே இல்லை. பெருக்கும் எண் 40-ஐ விட 20 நன்றாகச் செய்தது. 40-ல் ஒரு அதிர்ஷ்ட வெற்றி வந்தாலே எண் துள்ளிக் குதித்தது. 5 போட்டுப் பார்த்தேன், பருவம் முடியும்போதுதான் அணிகளுக்குள் வித்தியாசமே தெரிய ஆரம்பித்தது.

லெக்ஸ்டம்ப் | 19 ஜூன் 2025, காலை 8.25

கசிவு என்றதும் நினைவுக்கு வந்தது. 2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா ஜெயித்த பிறகும் ஃபிஃபா பட்டியலில் பிரேசில்தானே முதலிடத்தில் இருந்தது? பிரேசில் காலிறுதியில் வெளியேறியது. உங்கள் ரேட்டிங் அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் இது எப்படி?

ஸ்கோர்புத்தகம் | 19 ஜூன் 2025, இரவு 10.05

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். மாலை முழுக்க இதிலேயே போய்விட்டது.

22 டிசம்பர் 2022 பட்டியல்: பிரேசில் 1840.77, அர்ஜென்டினா 1838.38. இரண்டரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. போட்டிக்கு முன் பிரேசில் 1841.30. அர்ஜென்டினா 1773.88-ல் தொடங்கி, சவூதியிடம் 39 இழந்தும், மொத்தத்தில் 64 ஏறியது. ஆக ரேட்டிங் தன் வேலையைச் செய்துதான் இருக்கிறது. தொடக்கத்திலேயே 67 பின்தங்கி இருந்ததுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பெனால்டி. ஃபிஃபா கணக்கில் ஷூட் அவுட்டில் வென்றவருக்கு முழு 1 கிடையாது, 0.75. அர்ஜென்டினா நெதர்லாந்தையும் பிரான்ஸையும் அப்படித்தான் வென்றது. காலிறுதியிலிருந்து பெருக்கும் எண் 60. இறுதியில் இரண்டு அணிகளும் ஏறத்தாழ சமம், எதிர்பார்ப்பு பாதிக்குப் பாதி. 60 × 0.25 என்று 15 வந்தது. 120 நிமிடத்துக்குள் முடித்திருந்தால் 30. அந்த 15 மட்டும் கிடைத்திருந்தால் பிரேசிலைத் தாண்டியிருக்கும். இது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. 3-3 ஆட்டத்தில் வலிமை என்ற வகையில் இருவரும் சமம்தான், பெனால்டி கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவதுதான் சுவாரசியம். பிரேசிலும் குரோஷியாவும் 1-1, பிரேசில் ஷூட் அவுட்டில் தோற்றது. கணக்கில் பிரேசிலுக்கு 0.5. ஆனால் எதிர்பார்ப்பு அதற்கு மேல். அப்போது குரோஷியா சுமார் 1675, பிரேசில் 1840, எதிர்பார்ப்பு 0.65-ஐ ஒட்டி. 60-ஆல் பெருக்கினால் 9 புள்ளி குறைய வேண்டும். குறையவில்லை! பெரிய போட்டிகளின் நாக் அவுட் சுற்றில் யாருக்கும் புள்ளி குறைக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அந்த 9 குறைந்திருந்தால் பிரேசில் 1831-க்குப் பக்கத்தில் வந்திருக்கும், அர்ஜென்டினா அன்றைக்கே முதலிடம். நடந்ததோ, 2023 ஏப்ரலில்தான் மேலே போனது.

என் ஷீட் மறதியால் கசிந்தது. இது தெரிந்தே வைத்த ஓட்டை. நாக் அவுட்டில் வென்றவருக்கு வரவு உண்டு, தோற்றவருக்குச் செலவு இல்லை, ஷூட் அவுட்டில் 0.75-உம் 0.5-உம் சேர்ந்து 1.25. மொத்தம் ஏறிக்கொண்டேதான் போகும்.

பின்னம் | 20 ஜூன் 2025, காலை 6.40

கணக்கு சரி. காரணத்தையும் சொல்லிவிடலாம்: அரையிறுதிவரை வந்து தோற்றவர், தகுதியே பெறாமல் வீட்டில் இருந்தவரை விடப் புள்ளி இழக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். பழைய முறையில் அந்தக் கோளாறு வேறு வடிவில் இருந்தது. அது சராசரிக் கணக்கு, நட்புமுறை ஆட்டத்துக்கு எடை குறைவு. ஆகவே நட்புமுறை ஆட்டம் ஆடினால், ஜெயித்தாலும் சராசரி இறங்கலாம். 2018 உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு முன் போலந்து நட்புமுறை ஆட்டங்களைத் தவிர்த்து முதல் தொகுப்பில் இடம் பிடித்தது எல்லோரும் பேசிய விஷயம். எலோவில் அந்தத் தந்திரம் செல்லாது. ஜெயித்தால் ஏறும், ஆடாவிட்டால் அப்படியே நிற்கும்.

நைட்வாட்ச்மேன் | 20 ஜூன் 2025, காலை 9.00

ஆடாவிட்டால் அப்படியே நிற்கும் என்றால் அதுவும் தந்திரம்தானே? உச்சத்தில் இருக்கும்போது ஆடாமல் உட்கார்ந்துவிட்டால்?

பின்னம் | 20 ஜூன் 2025, காலை 9.12

நல்ல கேள்வி. ஆமாம், அது முடியும்.

நைட்வாட்ச்மேன் | 20 ஜூன் 2025, காலை 9.13

இதை ஃப்ரேம் போட்டு மாட்டப்போகிறேன்.

லெக்ஸ்டம்ப் | 20 ஜூன் 2025, மதியம் 12.40

கடைசியாக ஒன்று. உங்கள் லீக்கில் கோப்பையை யாருக்குக் கொடுக்கிறீர்கள், ரேட்டிங்கில் முதலாவதுக்கா, பட்டியலில் முதலாவதுக்கா?

ஸ்கோர்புத்தகம் | 20 ஜூன் 2025, இரவு 8.50

பட்டியலுக்குத்தான். இரண்டாம் வருஷம் ரேட்டிங்குக்கே கொடுக்கலாம் என்று நானே கிளப்பினேன், கூட்டத்தில் என்னைக் கிழித்துவிட்டார்கள். கிழித்தது சரிதான். ஓர் அணி முதல் ஐந்தை ஜெயித்து அடுத்த ஐந்தைத் தோற்றது என்று வையுங்கள். இன்னொன்று முதல் ஐந்தைத் தோற்று அடுத்த ஐந்தை ஜெயித்தது. எதிரணிகள் அதே. பட்டியலில் இருவரும் சமம். எலோவில் பின்னது மேலே நிற்கும், ஏனென்றால் கீழிருந்து ஜெயிக்கும்போது கூடுதலாக ஏறும், மேலிருந்து தோற்கும்போது கூடுதலாக இறங்கும். அடுத்த ஞாயிறு யார் ஜெயிப்பார் என்று கேட்டால் அது நல்ல பதில். மே மாதம் ஜெயித்த ஆட்டத்துக்கு ஜூலை ஆட்டத்தை விட மதிப்புக் குறைவு என்று ஒரு கேப்டன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதுவுமில்லாமல் எல்லோரும் எல்லோருடனும் இரண்டு முறை ஆடி முடித்த பிறகு, பட்டியலின் பெரிய குறை தானாகவே போய்விடுகிறது. எங்கள் நாலு பருவத்திலும் கடைசி நாளில் முதல் மூன்று இடம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது பாதி வழியில். இல்லையென்றால் டெஸ்ட் சாம்பியன்ஷிப் மாதிரி, எல்லோரும் எல்லோரையும் சந்திக்காத இடத்தில். லெக்ஸ்டம்ப், உங்கள் உறுத்தல் அந்த வகையில் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

பின்னம் | 20 ஜூன் 2025, இரவு 9.30

அங்கே ரேட்டிங்குக்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு கூட்டங்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு, எப்போதாவது ஒருமுறைதான் மோதினால், ஒரு கூட்டத்தின் 1600-உம் மற்றதன் 1600-உம் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. புள்ளி ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்குப் போக அந்த அரிதான ஆட்டங்கள் மட்டும்தான் வழி. கண்டம் விட்டுக் கண்டம் கால்பந்து அணிகளை ஒப்பிடும்போது இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கும். சவூதி உண்மையிலேயே 1437 தானா என்பதும் அதே சந்தேகம்தான்.

ஸ்கோர்புத்தகம் | 23 ஜூன் 2025, இரவு 10.15

மூன்று நாள் கழித்து வருகிறேன். லீக்கில் ஒன்பதாவதாக ஓர் அணி சேர்ந்திருக்கிறது. எல்லோரையும் போல 1500 கொடுத்தேன். முதல் நான்கு ஆட்டமும் தோற்றுவிட்டது, இப்போது 1462. மொத்தக் கட்டம் 13,500 என்று ஒழுங்காகத்தான் காட்டுகிறது, கசிவு இல்லை. ஆனால் அந்த 38 புள்ளி பழைய அணிகள் நான்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிய அணியோடு ஆடாத மற்ற நாலு அணிகள் ஒன்றும் செய்யாமலேயே பின்தங்கித் தெரிகின்றன.

1400-ல் தொடங்கியிருக்க வேண்டுமோ?

பின்னம் | 24 ஜூன் 2025, காலை 6.30

1500-லேயே விடுங்கள். முதல் பத்து ஆட்டத்துக்குப் புதிய அணிக்கு மட்டும் 40, எதிரணிக்கு வழக்கமான 20.

ஸ்கோர்புத்தகம் | 24 ஜூன் 2025, காலை 7.05

அப்படிச் செய்தால் என் மொத்தக் கட்டம் கெட்டுப்போகுமே! இப்போதுதான் அதைச் சரிசெய்தேன்.

கருப்புக்குதிரை | 24 ஜூன் 2025, காலை 7.20

அந்த ஒன்பதாவது அணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.